சாயங்காலம் ஐந்து மணி நேரத்துக்கு மட்டும் அந்த இடம் வேண்டும்

நகராட்சி ஆணையர் அவர்களுக்கும், நகர விற்பனைக் குழு உறுப்பினர்களுக்கும்,

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, மாலை ஐந்தே முக்காலுக்கு உங்கள் லாரி பேருந்து நிறுத்தத்துக்கு வந்தது. அப்போதுதான் இரண்டாவது பால் பொங்கியிருந்தது. பஜ்ஜி மாவு கரைத்து வைத்திருந்தேன். வடை ஒரு ஈடு எண்ணெயில் கிடந்தது. எண்ணெயை ஆறவைக்கவாவது பத்து நிமிடம் கொடுங்கள் என்று கேட்டேன். கொடுக்கவில்லை. அடுப்பு, சிலிண்டர், பால் பாத்திரம், கண்ணாடி டம்ளர்கள், வண்டி எல்லாம் ஏற்றிக்கொண்டு போனார்கள். என்னென்ன எடுத்தார்கள் என்று ஒரு துண்டுச் சீட்டுகூட எழுதித் தரவில்லை. மூன்றாம் நாள் 1,500 ரூபாய் கட்டி வண்டியை மீட்டேன். கொடுத்த ரசீதில் 'இதர வரவு' என்று மட்டும் இருக்கிறது. எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவில் அந்தப் பணம் வாங்கப்பட்டது என்று அதில் இல்லை.

நான் அந்த நிறுத்தத்தில் 11 வருடமாக மாலை நேரத்தில் டீயும் பலகாரமும் விற்கிறேன். என்னோடு சேர்த்து அங்கே 14 வண்டிகள். எங்கள் எல்லோரையும் சந்தைத் திடலுக்குப் பின்னால் போகச் சொல்லி ஆட்டோவில் ஒலிபெருக்கி வைத்து அறிவித்தீர்கள். அறிவித்த நாளிலிருந்து ஆறு நாள் அவகாசம். நிறுத்தத்தில் 'விற்பனை தடை செய்யப்பட்ட பகுதி' என்று பலகையும் நட்டீர்கள். இந்த முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. காரணங்களை வரிசையாகச் சொல்கிறேன். கோபத்தில் எழுதியது என்று ஒதுக்கிவிடாமல் கணக்கையும் சேர்த்துப் படியுங்கள்.

இடம் என்றால் எங்களுக்கு என்ன என்பதிலிருந்து தொடங்குகிறேன். உங்கள் கோப்பில் அது இத்தனை அடிக்கு இத்தனை அடி என்று இருக்கும். திடலிலும் அதே ஆறடிக்கு நாலடி கோடு போட்டுத் தந்திருக்கிறீர்கள். அளவு சரிதான். ஆனால் மாலை நேர வண்டிக்காரருக்கு இடம் என்பது, எந்த நேரத்தில் யார் எவ்வளவு நேரம் அங்கே நிற்கிறார்கள் என்பதுதான்.

இதை நானும் அடிபட்டுத்தான் கற்றேன். முதலில் வண்டி போட்டது ஒரு பள்ளிக்கூட வாசலில். மணி அடித்ததும் முந்நூறு பிள்ளைகள் வெளியே வருவதைப் பார்த்து மயங்கிவிட்டேன். அரை மணி நேரத்தில் தெரு காலியாகிவிடும். பிள்ளைகள் கையில் ஐந்து ரூபாய் இருக்கும், இல்லாமலும் இருக்கும். கோடை விடுமுறை வந்தபோது இரண்டு மாதம் வண்டியைத் தள்ளிக்கொண்டு தெருத் தெருவாக அலைந்தேன். அடுத்து பேருந்து நிறுத்தத்துக்கு வந்தேன், ஆனால் எதிர்சாரியில். ஊரைவிட்டு வெளியே போகும் பேருந்துகள் நிற்கும் பக்கம் அது. காலையில் அங்கே கூட்டம் அலைமோதும். மாலையில் ஈ ஓட்ட வேண்டும்.

அப்புறம்தான் ஒரு வாரம் வண்டியே போடாமல், நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்து எண்ணினேன். கடந்து போகிறவர்களை எண்ணவில்லை. பத்து நிமிடத்துக்கு மேல் ஒரே இடத்தில் நிற்கிறவர்களை மட்டும் எண்ணினேன். நடந்து போகிறவர் டீக்கடையைப் பார்த்துக்கொண்டே போய்விடுவார். பேருந்துக்குக் காத்திருப்பவருக்குத்தான் பசி தெரியும். ஊருக்குத் திரும்பும் பேருந்துகள் நிற்கும் பக்கத்தில், ஐந்தரை மணியிலிருந்து ஏழரை வரை எந்த நேரம் பார்த்தாலும் ஐம்பது அறுபது பேர் நின்றார்கள். கம்பெனி வேன்களில் வந்து இறங்கும் பெண்கள், ஆஸ்பத்திரியில் சொந்தக்காரர்களைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள், டியூஷன் பிள்ளைகள். எதிர்சாரியில் அதே நேரத்தில் பத்துப் பேர்கூட இல்லை. நடுவில் இருப்பது நாற்பதடி சாலைதான்.

நான் வண்டி நிறுத்தும் இடத்துக்குப் பின்னால் இருப்பவை பத்திரம் எழுதும் அலுவலகங்கள். பகல் முழுக்க அங்கே நிற்க இடம் இருக்காது. பதிவு அலுவலகம் முடிந்ததும் அவர்களும் ஐந்து மணிக்கு ஷட்டரை இறக்கிவிடுவார்கள். அதற்குப் பிறகு அந்த வாசல் யாருக்கும் தேவைப்படுவதில்லை. அவர்களிடம் கேட்டுக்கொண்டுதான் வண்டியை நிறுத்தினேன். காலையில் அவர்கள் வரும்போது ஒரு தேயிலைத் தூள்கூட தரையில் கிடக்கக் கூடாது என்பது எங்களுக்குள் பேச்சு. 11 வருடமாக அந்தப் பேச்சு மீறப்படவில்லை. தலைக்கு மேல் தெருவிளக்கு இருப்பதால் பேட்டரி செலவு பாதி மிச்சம். மேற்கே கட்டிடம் இருப்பதால் மாலைக்காற்று அடுப்பை அணைப்பதில்லை. காற்று அடிக்கும் இடத்தில் நின்றால் தகர மறைப்பு வைத்தாலும் சிலிண்டர் இரண்டு நாள் முன்னாலேயே தீர்ந்துவிடும்.

இத்தனையும் பார்த்துத் தேர்ந்த இடம் அது. அரசாங்க நிலத்தைப் பிடித்து வைத்திருக்கிறோம் என்று உங்கள் அலுவலர் ஒருவர் சொன்னார். பகலில் ஒருவர், மாலையில் ஒருவர் என்று ஒரே இடத்தைப் பகிர்ந்து பயன்படுத்துகிறோம் என்பதுதான் உண்மை.

இனி கணக்குக்கு வருகிறேன். 'ஒரு கிலோமீட்டர்கூட இல்லை, தள்ளிக்கொண்டு போனால் என்ன' என்று கேட்டீர்கள். அதற்கான பதில் இந்தக் கணக்கில்தான் இருக்கிறது.

நான் ஒரு நாளைக்கு 10 லிட்டர் பால் வாங்குகிறேன். லிட்டர் 54 ரூபாய், ஆக 540. கொஞ்சம் தண்ணீர் சேர்த்துக் காய்ச்சினால் லிட்டருக்கு 18 டீ வரும். தேயிலைத் தூள் 230 ரூபாய்க்கும் சர்க்கரை 90 ரூபாய்க்கும் ஆகும். 180 டீக்கு 860 ரூபாய் முதல். ஒரு டீ 12 ரூபாய்க்கு விற்கிறேன். பலகாரத்துக்கு இரண்டு கிலோ கடலைப்பருப்பில் 100 வடை, பத்து வாழைக்காயில் 80 பஜ்ஜி. பருப்பு, வெங்காயம், மாவு, காய், எண்ணெய், சட்னி எல்லாம் சேர்த்து 780 ரூபாய். ஒன்று 8 ரூபாய். அதாவது ஒரு டீயில் 7 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலேயும், ஒரு பலகாரத்தில் 4 ரூபாய்க்குக் கொஞ்சம் கீழேயும் நிற்கும். பலரும் இதையே லாபம் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

இன்னும் கழிக்க வேண்டியது இருக்கிறது. சிலிண்டர் எட்டு நாள் வரும், நாளுக்கு 240. டம்ளர் கழுவவும் பரிமாறவும் பக்கத்துத் தெரு அக்கா வருகிறார், அவருக்கு 350. கேன் தண்ணீர் 60. காகிதம், இலை 50. இரவு வண்டி நிறுத்தும் இடத்துக்கு 30. பேட்டரி சார்ஜ் 20. சக்கரம், தகரம், பாத்திரம் பழுதுக்கென்று நாளுக்கு 50 எடுத்து வைக்கிறேன். கூட்டினால் 800 ரூபாய். பத்து டீ விற்றாலும் இந்த 800 உண்டு, நூற்றெண்பது விற்றாலும் இதே 800தான். இந்தத் தொகையை எடுக்கவே ஒரு மாலையில் ஏறக்குறைய 75 டீயும் 70 பலகாரமும் போயாக வேண்டும். அதற்கு மேல் போகும் டம்ளரில்தான் என் வீட்டுக்கு அரிசி.

பழைய இடத்தில் சாதாரண நாளில் 150 டீயும் 150 பலகாரமும் போகும். வரவு 3,000 ரூபாய். மீந்த பாலைக் காய்ச்சாமல் வைத்துக்கொள்ளலாம். சுட்ட வடையை மறுநாள் விற்க முடியாது, விற்கவும் மாட்டேன். செலவு 2,300 போக 700 ரூபாய் கையில் நிற்கும். பகல் ஒன்றரைக்குப் பருப்பு ஊறப்போடுவதில் தொடங்கி இரவு பதினொன்றுக்குப் பாத்திரம் கவிழ்க்கும் வரைக்குமான என் கூலி அது. மழை வந்தால் அதுவும் இல்லை. அரைத்த மாவு வீட்டில் இட்லித் தட்டுக்குப் போகும்.

உங்கள் உத்தரவை நான் மீறிக்கொண்டு நிற்கவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன். அறிவிப்பு வந்ததும் திடலுக்குத்தான் போனேன். எட்டு நாள் அங்கே வண்டி போட்டேன். சந்தை கூடிய ஒரு நாளில் 120 டீ போனது. மற்ற ஏழு நாளும் சராசரி 50 டீ, 40 பலகாரம். நிலைமையைப் பார்த்து இரண்டாம் நாளே 4 லிட்டர் பாலுக்கும் 60 பலகாரத்துக்கும் இறங்கிவிட்டேன். அப்படியும் சரக்குக்கு 600 ரூபாய், மற்ற செலவுகள் 740. வரவு 920. ஒரு நாளைக்கு 420 ரூபாய் கையைக் கடித்தது. மூன்றாம் நாள் அந்த அக்காவிடம், இனி வர வேண்டாம் என்று சொன்னேன். அதைச் சொல்லிவிட்டு அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அவர் கூலியை நிறுத்திய பிறகும் நாளுக்கு 70 ரூபாய் நஷ்டம். என் உழைப்புக்கு ஒன்றும் இல்லை.

திடலிலும் உட்கார்ந்து எண்ணினேன். ஐந்திலிருந்து எட்டு மணிக்குள் அந்த வழியே போனவர்கள் 140 பேர். பெரும்பாலும் வண்டியில் போகிறவர்கள். பத்து நிமிடம் நிற்க அங்கே யாருக்கும் வேலை இல்லை. உயரக் கம்பத்து விளக்கு நான் இருந்த எட்டு நாளும் எரியவில்லை. கம்பெனி விட்டு வரும் பெண்கள் அந்த இருட்டுக்கு ஒரு டீக்காக நடந்து வருவார்களா? நிறுத்தத்தில் எங்கள் வண்டிகளின் வெளிச்சத்தில்தான் அவர்கள் பேருந்துக்கு நிற்கிறார்கள். இப்போது எட்டு மணிக்கு மேல் அந்த நிறுத்தம் எப்படி இருக்கிறது என்று ஒரு நாள் நீங்கள் வந்து பார்க்க வேண்டும்.

எட்டாம் நாளுக்குப் பிறகு பழைய இடத்துக்குத் திரும்பினேன். அதற்கடுத்த செவ்வாய்க்கிழமைதான் லாரி வந்தது.

இனி சட்டம். எனக்கு வக்கீல் யாரும் இல்லை. சங்கத்தில் ஒருவர் தமிழில் படித்துச் சொன்னார், நானும் திரும்பத் திரும்பப் படித்தேன். சாலையோர வியாபாரிகள் வாழ்வாதாரப் பாதுகாப்புச் சட்டம் 2014ஆம் ஆண்டு மே 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அந்தச் சட்டத்தின் மூன்றாம் பிரிவு, கணக்கெடுப்பு முடிந்து எல்லோருக்கும் விற்பனைச் சான்றிதழ் கொடுக்கப்படும் வரை எந்த வியாபாரியையும் வெளியேற்றவோ இடம் மாற்றவோ கூடாது என்கிறது.

எங்கள் 14 பேரில் ஒன்பது பேருக்கு நீங்கள் அடையாள அட்டை கொடுத்திருக்கிறீர்கள். ஐந்து பேர் கணக்கெடுப்புக்கு வந்த அன்று ஊரில் இல்லை, மறுபடி யாரும் வரவில்லை. ஆனால் விற்பனைச் சான்றிதழ் இந்த 14 பேரில் ஒருவருக்கும் வரவில்லை. அட்டையும் சான்றிதழும் ஒன்று என்றுதான் நாங்களும் வெகுநாள் நினைத்திருந்தோம். கடனுக்கு விண்ணப்பிக்க அட்டை போதுமாக இருந்தது. 2020இல் பிரதமர் ஸ்வநிதி திட்டத்தில் 10,000 ரூபாய் வாங்கி அடைத்தும் விட்டேன். ஆனால் எந்த இடத்தில், எந்த நேரத்தில், எந்த வகையில் விற்கலாம் என்ற உரிமையைத் தருவது சான்றிதழ்தான். என் அட்டையில் இடம் என்ற வரியில் தெருவின் பெயர் இருக்கிறது. நேரம் என்ற வரி காலியாகக் கிடக்கிறது. எங்கள் பிரச்சினை முழுவதும் அந்தக் காலி வரியில்தான் இருக்கிறது. அங்கே 'மாலை 5 முதல் இரவு 10 வரை' என்று ஒருவர் எழுதியிருந்தால், பகல் நெரிசலைக் காட்டி எங்களை யாரும் நகர்த்தியிருக்க முடியாது.

நேரத்தைப் பகிர்ந்து இடத்தைப் பயன்படுத்துவது நாங்கள் கண்டுபிடித்த குறுக்குவழி அல்ல. அப்படி இடம் பெறுகிறவர் தன் நேரம் முடிந்ததும் சரக்கை எல்லாம் எடுத்துவிட வேண்டும் என்று அதே சட்டம் கடமை விதிக்கிறது. அப்படி ஓர் ஏற்பாடு சட்டத்திலேயே இருக்கிறது என்றுதானே அதற்கு அர்த்தம். அந்தக் கடமையைச் சான்றிதழ் வரும் முன்பே நாங்கள் செய்துகொண்டிருக்கிறோம்.

பலகையைப் பற்றி ஒன்று. சட்டத்தின் முதல் அட்டவணைப்படி கணக்கெடுப்பு நடந்து தெரு வணிகத் திட்டம் வகுக்கப்படும் வரை எந்தப் பகுதியையும் தடைப் பகுதி என்று அறிவிக்கக் கூடாது. கூட்ட நெரிசல் என்பதையே காரணமாக்கவும் கூடாது. வாங்குகிறவர்களும் விற்கிறவர்களும் வழக்கமாகக் கூடும் இயல்புச் சந்தையைத் தடைப் பகுதி ஆக்கக் கூடாது என்றும் இருக்கிறது. நம் நகராட்சிக்கு அப்படி ஒரு திட்டம் இருக்கிறதா என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டேன். 'தயாரிப்பில் உள்ளது' என்று உங்கள் அலுவலகமே எழுத்தில் பதில் தந்தது. தயாரிப்பில் இருக்கும் திட்டத்தை வைத்து எப்படிப் பலகை நட முடிந்தது?

இடம் மாற்றுவதாக இருந்தாலும் 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்கிறது பதினெட்டாம் பிரிவு. எங்களுக்குக் கிடைத்தது ஆறு நாள், அதுவும் ஒலிபெருக்கியில். பறிமுதல் செய்தால் பொருள்களின் பட்டியலைக் கையெழுத்திட்டுத் தர வேண்டும், அழுகும் பொருளைக் கேட்ட அன்றே திருப்பித் தர வேண்டும், மற்றதை இரண்டு வேலை நாளுக்குள் தர வேண்டும் என்கிறது பத்தொன்பதாம் பிரிவு. அன்று இரவே நானும் என் மகனும் உங்கள் கிடங்கு வாசலுக்கு வந்து நின்றோம். பூட்டியிருந்தது. மறுநாள் காலை போனபோது, அதிகாரி முகாமில் இருக்கிறார் என்றார்கள். மூன்றாம் நாள் வண்டி கைக்கு வந்தபோது பால் பாத்திரத்தைத் திறக்க முடியவில்லை. டம்ளரில் இருபதுக்கு மேல் உடைந்திருந்தது. சிலிண்டரின் ரெகுலேட்டர் காணவில்லை. பட்டியல் இல்லாததால் அது இருந்தது என்று என்னால் நிரூபிக்க முடியவில்லை. பட்டியல் வேண்டும் என்று சட்டம் எழுதியவர்கள் இதை நினைத்துத்தான் எழுதியிருப்பார்கள்.

குழு உறுப்பினர்களிடம் தனியாக ஒரு கேள்வி. ஆணையர் தலைமையில் இருக்கும் இந்தக் குழுவில் நாற்பது சதவீதத்துக்குக் குறையாமல், வியாபாரிகள் தங்களுக்குள் தேர்ந்தெடுத்த உறுப்பினர்கள் இருக்க வேண்டும். அதில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். திடலைத் தேர்ந்தெடுத்த கூட்டத்தில் வியாபாரி உறுப்பினர்கள் எத்தனை பேர் இருந்தார்கள்? மாலை வண்டிக்காரர் ஒருவராவது இருந்தாரா? காய்கறிக்கும் துணிக்கும் அந்தத் திடல் சரியாக இருக்கலாம், அதை நான் மறுக்கவில்லை. காய்கறி வாங்குகிறவர் வீட்டிலிருந்து பையை எடுத்துக்கொண்டு அதற்கென்றே புறப்பட்டு வருவார். ஒரு டீக்கும் ஒரு வடைக்கும் யாரும் புறப்பட்டு வருவதில்லை. நிற்கும் இடத்தில் கிடைத்தால் குடிப்பார்கள். இந்த வித்தியாசத்தைச் சொல்ல ஒரு ஆள் அந்தக் கூட்டத்தில் இருந்திருந்தால் இந்த முடிவு வந்திருக்காது என்று நம்புகிறேன்.

எங்கள் பக்கத்திலும் குறை உண்டு. அதை மறைத்துவிட்டு நியாயம் கேட்க எனக்கு விருப்பமில்லை. வளைவுக்குப் பக்கத்தில் நிற்கும் ஐந்து வண்டிகளால் ஆறு மணிக்கு மேல் பேருந்து திரும்பக் கஷ்டப்படுகிறது. ஓட்டுநர்கள் திட்டுவதில் நியாயம் இருக்கிறது. அதைவிடப் பெரிய தொல்லை, எங்களிடம் சாப்பிட வருகிறவர்கள் சாலையிலேயே நிறுத்தும் இருசக்கர வண்டிகள். டம்ளர் கழுவிய தண்ணீரைச் சிலர் சாலையோரம் ஊற்றுகிறார்கள், அங்கே வழுக்குகிறது. நான் இரண்டு வாளி வைத்து, கழுவிய தண்ணீரை வடிகட்டிச் சாக்கடை மூடி இருக்கும் இடத்தில் ஊற்றுகிறேன். எல்லோரும் அப்படிச் செய்வதில்லை. இவை எல்லாம் முப்பதடி நகர்த்தியும் ஒரு வெள்ளைக்கோடு போட்டும் தீர்க்கக்கூடியவை. ஐந்து வண்டிகளையும் வளைவிலிருந்து தள்ளி, மூடிக்கிடக்கும் பழைய நிழற்குடைக்குப் பின்னால் நிறுத்த இடம் இருக்கிறது. அவர்களிடம் பேசிவிட்டேன், சம்மதிக்கிறார்கள்.

இப்போது நான் கேட்பவை.

திட்டம் முறைப்படி வகுக்கப்பட்டு வெளியிடப்படும் வரை நிறுத்தத்தில் நட்ட பலகையை எடுத்துவிடுங்கள். அதுவரை 14 வண்டிகளும் மாலை 5 முதல் இரவு 10 வரை பழைய இடத்தில் நிற்கலாம் என்று எழுத்தில் ஓர் உத்தரவு தாருங்கள். வாய்வார்த்தையாகச் சொன்னால் அடுத்த லாரிக்கு அது தெரியாது.

விடுபட்ட ஐந்து பேரையும் கணக்கெடுப்பில் சேர்த்து, எல்லோருக்கும் விற்பனைச் சான்றிதழ் வழங்குங்கள். அதில் நேரம் என்ற வரியை நிரப்பித் தாருங்கள். மாலை வண்டிகளை நேரப் பகிர்வு என்ற தனி வகையாகவே உங்கள் திட்டத்தில் எழுதுங்கள். அந்த நேரத்துக்கு உரிய பராமரிப்புக் கட்டணத்தை நிர்ணயம் செய்யுங்கள், மாதா மாதம் கட்டுகிறோம். கட்டினால் ரசீது வேண்டும், அவ்வளவுதான்.

எந்த இடத்தை விற்பனைப் பகுதியாகக் குறித்தாலும், அதற்கு முன் குழு உறுப்பினர்கள் வேலைநாள் ஒன்றில் மாலை ஐந்திலிருந்து எட்டு வரை அங்கே நின்று எண்ணிப் பாருங்கள். பகல் பதினொரு மணிக்கு ஜீப்பில் வந்து பார்த்தால் எங்கள் தொழில் உங்கள் கண்ணில் படாது. எண்ணும்போது வியாபாரி உறுப்பினர் ஒருவரும் கூட இருக்கட்டும். நிறுத்தத்திலும் திடலிலும் ஒரே நாளில் எண்ணுங்கள். என் நோட்டுப் புத்தகத்தையும் தருகிறேன், உங்கள் கணக்கோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

வளைவிலிருந்து எத்தனை அடி தள்ளி வண்டி நிற்க வேண்டும் என்று போக்குவரத்துக் காவலரோடு வந்து கோடு போட்டுத் தாருங்கள். இருசக்கர வண்டி நிறுத்த எதிர்சாரியில் இடம் குறியுங்கள். கழிவுநீர் ஊற்ற ஒரு குழியும், ஒரு பெரிய குப்பைத் தொட்டியும் போதும். தொட்டியைத் தினமும் இரவு நாங்களே கழுவி வைக்கிறோம்.

பறிமுதல் செய்த அன்று எடுத்தவற்றின் பட்டியலை இப்போதாவது தாருங்கள். 1,500 ரூபாய் எந்தப் பிரிவின் கீழ் வாங்கப்பட்டது என்று எழுத்தில் சொல்லுங்கள். பிரிவு இல்லை என்றால் பணத்தைத் திருப்பித் தாருங்கள். காணாமல் போன ரெகுலேட்டருக்கும் உடைந்த டம்ளர்களுக்கும் 1,100 ரூபாய் ஆனது. வாங்கிய கடை ரசீதுகளை இணைத்திருக்கிறேன்.

இந்த மடலின் ஒரு நகலை அடுத்த குழுக் கூட்டத்தில் படிக்க வேண்டும் என்றும், அந்தக் கூட்டத்துக்கு எங்களில் இரண்டு பேரை அழைக்க வேண்டும் என்றும் கேட்கிறேன். கூட்டம் காலையில் இருந்தால் நல்லது. பகல் ஒன்றரைக்கு நான் பருப்பு ஊறப்போட வேண்டும். 30 நாளுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால், சட்டத்தின் இருபதாம் பிரிவில் சொல்லப்பட்ட குறைதீர்ப்புக் குழுவுக்கு இதே மடலையும் ரசீதுகளையும் எடுத்துச் செல்வேன்.

இப்படிக்கு,
பேருந்து நிறுத்தத்தில் மாலை டீ வண்டி வைத்திருக்கும் பெண்,
மற்ற 13 வண்டிக்காரர்களின் சம்மதத்தோடு